வெட்கப்பட்ட கதையில் சிரிப்புக்கு எங்கே இடம்?

1880 அக்டோபரில் ஒரு நாள், கும்பகோணத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே. சாமிநாதையர் போனார். ஐயருக்கு அப்போது 25 வயது. அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். குருவின் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்துப் பழகியவர். முதலியார் நிமிரவில்லை. என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

ஐயர் சொல்லத் தொடங்கினார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று பட்டியல் நீண்டது. முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டார். சரி, இவருக்குப் பெரிய நூல்களைச் சொன்னால்தான் சரிப்படும் என்று ஐயர் காப்பியங்களுக்குப் போனார். கம்பராமாயணம் வரைக்கும் வந்து பார்த்தார். அதற்கும் அசையவில்லை. பிறகு முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அந்தச் சந்திப்பில் தொடங்கிய உழைப்பு 1887-ல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது தமிழ் படித்தவர்கள் அறிந்த வரலாறு.

‘என் சரித்திரம்’ நூலில் ஐயர் இதை எழுதியிருக்கும் விதத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். அதைப் படிக்கும்போது நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பகுதியில் நகைச்சுவைத் துணுக்கு என்று எடுத்துக் காட்ட ஒரு வரி கூடக் கிடையாது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்த இளைஞர் மனத்துக்குள் போட்ட கணக்கை முதியவர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான். இதைச் சொன்னால் வியந்து போவார், அது பலிக்கவில்லை, அப்படியானால் இதைச் சொல்லலாம், அதுவும் பலிக்கவில்லை. இந்த ஏறி ஏறிச் சறுக்கும் மனக்கணக்குதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. பழைய நூல்களின் பெயர்கள் வந்து, அவற்றைத் தான் பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிரிப்பு தானாக நின்றுவிடுகிறது. ஒரு தமிழாசிரியருக்குத் தன் மொழியின் மூத்த நூல்கள் தெரியாமல் இருந்த வேதனை அப்போது நேரே நம்மிடம் வந்து சேர்கிறது. அதுவரை சிரித்தது அந்த வேதனையைத் துளியும் குறைக்கவில்லை. சிரித்த நேரத்தில் நாம் அந்த இளைஞரோடு நெருங்கிவிட்டிருக்கிறோம், ஆகவே கூடுதலாகவே உறைக்கிறது.

தனக்கு நேர்ந்த வெட்கக்கேட்டைப் பற்றி யோசித்து எழுதும் கட்டுரைகள் இப்போது பத்திரிகைகளிலும் போட்டிகளிலும் நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் சிரிப்பு இருக்கிறது. பலவற்றில் அந்தச் சிரிப்பே கட்டுரையைக் கெடுத்துவிடுகிறது. படித்து முடித்ததும் ஒரு நல்ல ஜோக் கேட்ட நிறைவு மட்டும் மிஞ்சும். எழுதியவருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது, அது ஏன் இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது என்பது தெரியாமலே போய்விடும். சிரிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரை இதற்கு உதவாது. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது, எந்த வரியில் நிற்கிறது என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்றைக்கும் கை கொடுக்கும். எட்டு மெய்ப்பாடுகளில் நகை, அழுகை, இளிவரல் என்ற மூன்றும் அங்கே முதலில் அடுத்தடுத்து வருகின்றன. இளிவரல் என்பது தன்னைத் தாழ்வாக உணரும் நிலை. நாம் பேசும் கட்டுரை இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருக்கிறது. நகை பிறக்கும் இடங்களாக அந்த இயல் நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இகழ்ந்து சிரிப்பது. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மனத்தில் ஒன்றைக் கொண்டுவிட்டால் பிறகு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

வெட்கப்பட்ட கதையைக் கெடுப்பது பெரும்பாலும் எள்ளல்தான். அந்த எள்ளல் தன்மேலேயே விழுந்தாலும் கெடுதல் ஒன்றுதான். மற்ற மூன்றில் பிறக்கும் சிரிப்பு அந்த ஆளை நமக்கு வேண்டியவராக்குகிறது. முதலியார் முன் உட்கார்ந்திருந்த ஐயரிடம் நாம் காண்பது இளமையும் அறியாமையும். இகழ்ச்சிக்கு அங்கே இடமே இல்லை.

இனி ஒரு கட்டுரையை எடுத்து வேலை செய்து பார்க்கலாம். இது நடந்த கதை அல்ல, விளக்குவதற்காக நான் கட்டியது. மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் படித்து, சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. பள்ளியில் ஏழு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இறந்துவிட்டார் என்று போன் வருகிறது. அந்த வாத்தியார்தான் படிப்பை நிறுத்திய பையனை வீடு தேடி வந்து கூட்டிப் போனவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார், ஒன்பது வருஷமாகப் போகவில்லை. இப்போது பஸ் பிடித்துப் போகிறார். பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்த வீட்டுக்குள் நுழைகிறார், மாலை போடுகிறார், அழுகிறார். அது வேறு வீடு. வேறு ஒருவருடைய சாவு. வாத்தியார் வீடு அடுத்த தெருவில்.

இதைக் கேட்டவுடன் யாருக்கும் சிரிப்பு வரும். முதல் முறை எழுதும்போது கை அந்தச் சிரிப்பின் பின்னாலேயே ஓடும். முதல் பிரதி ஏறத்தாழ இப்படி அமையும்:

“வடிவேலுவே தோற்றுப்போகும் அளவுக்கு ஒரு காமெடி என் வாழ்க்கையில் நடந்தது. ஆள் மாறி ஐஸ் பெட்டிக்கு மாலை போட்ட ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். உள்ளே இருந்தவரே எழுந்து உட்கார்ந்து ‘தம்பி, ராங் நம்பர்’ என்று சொல்லியிருப்பார். கண்ணாடியெல்லாம் பனி படர்ந்து மங்கலாக இருந்தது, முகம் தெரிந்தால்தானே! நானெல்லாம் ஒரு ஜென்மம்.”

இதைச் சபையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். கட்டுரையாக நிற்காது. முதல் வரியே இது காமெடி என்று அறிவித்துவிட்டது. வாசகர் சிரிக்கத் தயாராக உட்கார்ந்துவிடுகிறார், இனி எந்த வேதனையைச் சொன்னாலும் அடுத்த ஜோக்குக்கு முன்னால் வரும் இடைவெளி என்றே எடுத்துக்கொள்வார். வடிவேலு பெயர் வந்ததும் சினிமாவில் பார்த்த சிரிப்பு இங்கே கடன் வாங்கப்படுகிறது. சொந்த நிகழ்ச்சியின் சிரிப்பு வெளியே வரவே இல்லை. இறந்தவர் எழுந்து உட்காரும் கற்பனை, துக்க வீட்டின் மேல் சிரிக்கிறது. அந்த வீட்டார் இவருக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள். கடைசியில் வரும் ‘நானெல்லாம் ஒரு ஜென்மம்’ பார்ப்பதற்கு அடக்கம் போல இருக்கும். உண்மையில் அது வாசகரின் வாயை அடைக்கிறது. நீங்கள் என்னை எதுவும் சொல்வதற்கு முன்னால் நானே திட்டிக்கொண்டுவிட்டேன், ஆகவே மேலே போகலாம் என்கிறது. எதற்காக வெட்கப்பட்டாரோ அந்த இடத்தை நாம் பார்க்கவிடாமல் செய்கிறது.

இந்தப் பிரதியைத் திருத்திக்கொண்டே போவதில் பலன் இல்லை. ஓரமாக வைத்துவிட்டு, ஜோக் எதுவும் இல்லாமல் நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். எந்த பஸ், எங்கே மாலை வாங்கினார், தெருமுனையில் என்ன இருந்தது, உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது எது, யார் என்ன கேட்டார், என்ன பதில் சொன்னார். எழுதி முடித்ததும், இதில் எந்த வாக்கியத்தை எழுதும்போது கை தயங்கியது, எதை மாற்றி எழுதத் தோன்றியது என்று பார்க்க வேண்டும்.

நம் கட்டுரையில் அந்த வாக்கியம் கண்ணாடியைப் பற்றியது. முதல் பிரதியில் கண்ணாடி மங்கலாக இருந்ததாகச் சொல்லியிருந்தார். ஜோக் இல்லாமல் எழுதியபோது, ஐஸ் பெட்டியின் கண்ணாடியை யாரோ அப்போதுதான் துணியால் துடைத்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வருகிறது. முகம் நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், சார் இளைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் அழுதிருக்கிறார்.

இங்கேதான் கட்டுரை இருக்கிறது. வீடு மாறிப் போனது யாருக்கும் நடக்கக்கூடிய சின்னத் தவறு, அதற்காக ஒருவர் இருபது வருஷம் கூச மாட்டார். தன்னைத் தூக்கிவிட்டவரின் முகம் தனக்கு மறந்துபோயிருந்தது என்பதுதான் அவரை உறுத்துகிறது. பனி படர்ந்த கண்ணாடி அதை மறைக்க வந்த சாக்கு. முதல் பிரதியில் அந்தச் சாக்கைக் காப்பாற்றத்தான் அத்தனை ஜோக்கும் வேலை செய்தன. வெட்கக் கதைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜோக் மிக அடர்த்தியாக இருக்கும் பத்திக்கு அடியில்தான் சொல்ல வேண்டிய விஷயம் கிடக்கும். ஆகவே அந்த முதல் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், தோண்ட வேண்டிய இடத்தை அது காட்டிக்கொடுக்கும்.

உறுத்தும் வாக்கியம் கையில் கிடைத்த பிறகுதான் சிரிப்பைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இந்த முறை அதற்கு இடம், அந்த வாக்கியத்துக்கு முன்னால். சிரிப்பு பிறக்க வேண்டியது மடனிலிருந்து. சார் வீடு இதுதான் என்று மனம் ஒருமுறை முடிவு செய்துவிட்டது, பிறகு கண்ணில் பட்ட ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போகிறது. மூன்றாம் பிரதி இப்படி வரலாம்:

“பஸ் ஸ்டாண்டிலேயே மாலை வாங்கினேன். சாவு வீட்டுக்குச் சம்பங்கி மாலை போதுமே என்றார் பூக்காரர். சாருக்குப் போடுவது, பெரிய ரோஜா மாலையாகவே கொடுங்கள் என்றேன். ஒன்பது வருஷம் வந்து பார்க்காதவன் மாலையில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்தவருக்குப் பெரிய மீசை. சார் கடைசிக் காலத்தில் மீசை வைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பெயருக்கு முன்னால் ‘லாரி செட்’ என்று போட்டிருந்தது. ரிட்டயர்மென்ட் பணத்தில் லாரி வாங்கிவிட்டிருப்பார், கணக்கு வாத்தியார் அல்லவா, பணத்தைச் சும்மா வைத்திருக்க மாட்டார் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. உள்ளே போய் மாலையைப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார்கள். ரொம்ப இளைத்துவிட்டார் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

பக்கத்தில் இருந்த அம்மா, ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்றார். சாரிடம் படித்தவன் என்றேன். ‘சாரா? எங்க அண்ணன் லாரி செட்டுல இருந்தவருப்பா. வாத்தியார் வீடு அடுத்த தெரு’ என்றார். நான் மாலையைப் பார்த்தேன். ‘போட்டது போட்டதுதான், எடுக்கக் கூடாது. டீ வருது, குடிச்சிட்டுப் போ’ என்றார்.

ஏழு வருஷம் தினமும் பார்த்த முகம். அந்த இடத்தில் வேறு ஒரு முகம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. கையில் மாலை இல்லாமல் அடுத்த தெருவுக்கு நடந்தேன்.”

மீசைக்கும் லாரிக்கும் நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். இறந்தவர்மேல் இல்லை, அழுதுகொண்டிருக்கும் வீட்டார்மேல் இல்லை, எழுதியவரின் வெட்கத்தின்மேலும் இல்லை. நம்பியதை விட மனமில்லாமல் காரணம் தேடும் மனத்தின்மேல் விழுகிறது. நமக்கும் அந்த மனம் இருக்கிறது, ஆகவே இகழ்ச்சி கலக்கவில்லை. இன்னொன்றும் இங்கே நடக்கிறது. மீசை, லாரி, இளைத்த முகம் என்று மூன்று சாக்குகள் வருகின்றன. மூன்றும் ஒரே வகையானவை. முதல் இரண்டுக்குச் சிரித்தவர் மூன்றாவதுக்கும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்வார். அங்கே முகமே எதிரில் இருக்கிறது. சிரிக்க வைத்த அதே பழக்கம் இப்போது உறுத்தத் தொடங்குகிறது. சிரிப்பிலிருந்து துக்கத்துக்குத் தாவ வேண்டிய அவசியமே வரவில்லை, வாசகர் ஒரே தெருவில் நடந்து அங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

மாலையும் அப்படித்தான். பூக்காரரோடு பேசும் இடத்தில் அது சின்னச் சிரிப்புக்காக வந்த பொருள். கடைசி வரியில் அதுவே இல்லாமல் வெறுங்கையோடு போக வேண்டியிருக்கிறது. சிரிப்புக்காகக் கொண்டுவந்த பொருள் பின்னால் வேதனைக்கும் உதவினால், அந்தச் சிரிப்பு கட்டுரைக்குள்ளிருந்தே வந்தது என்று நம்பலாம். ஒட்டவைத்த ஜோக்குக்கு இந்த இரண்டாவது வேலை இருக்காது. இது நல்ல சோதனை. பிரதியில் உள்ள ஒவ்வொரு சிரிப்பு வரியையும் எடுத்து, இதில் வரும் பொருளோ ஆளோ எண்ணமோ பிறகு எங்காவது தேவைப்படுகிறதா என்று பார்க்கலாம். ‘ராங் நம்பர்’ எங்கும் தேவைப்படாது. மீசை தேவைப்படுகிறது.

வாக்கியங்களின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். லாரிக்குக் காரணம் தேடும் வாக்கியம் நீண்டு, வளைந்து, தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போகிறது. சாக்குச் சொல்லும் மனம் அப்படித்தான் பேசும். முகத்தைப் பற்றிய வாக்கியங்கள் குட்டையானவை. அங்கே உவமை இல்லை, ‘ஐயோ’ இல்லை, வெட்கத்தில் கூனிக் குறுகினேன் என்பது போன்ற விவரணையும் இல்லை. சிரிப்பு ஓடிக்கொண்டிருந்த நடையிலேயே இந்த வரிகளையும் எழுதினால் வாசகர் இவற்றையும் ஜோக்காகத்தான் வாசிப்பார். பலர் இங்கே எதிர்ப்பக்கமாகத் தவறுகிறார்கள். இதுவரை சிரித்ததற்கு ஈடு செய்வதுபோல ஒரு பத்தி முழுக்கக் குற்ற உணர்வைக் கொட்டுவார்கள். இரண்டு வாக்கியம் போதும். அடுத்து டீயோ, தெருவோ, நடந்தது எதுவோ அதற்குப் போய்விடலாம்.

துக்க வீட்டில் அந்த அம்மா சொன்ன சொல்லுக்கும் நாம் சிரிக்கிறோம், ஆனால் அதை எழுதியவர் ஜோக்காகச் சொல்லவில்லை. அவர் இரக்கத்தோடு பேசுகிறார், அந்த இரக்கத்தில் இயல்பாக ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்படிப் பிறர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். வட்டார வழக்கைக் கேலியாக்குவது, உடம்பை வர்ணிப்பது, பட்டப்பெயர் வைப்பது எல்லாம் எள்ளலுக்குக் கதவைத் திறந்துவிடும். வெட்கப்பட்டது நாம், கட்டுரை முழுக்க எல்லாரும் சிரிப்பது அவரைப் பார்த்து என்றால் அது அநியாயம். உண்மைக் கதையாக இருந்தால், அந்த வீட்டார் கண்ணில் இந்தப் பத்தி பட்டால் என்ன நினைப்பார்கள் என்றும் யோசித்துவிட்டு, தெருவையும் தொழிலையும் மாற்றிவிடுவது நல்லது.

உறுத்தும் வரிக்குப் பிறகு சிரிப்பு வரவே கூடாதா என்று கேட்கலாம். வரலாம், கொஞ்சம் தள்ளி வர வேண்டும். இதற்கு காந்தியின் சத்திய சோதனையில் ஓர் இடம் அருமையான சான்று. லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு 1891-ல் இந்தியா திரும்பிய காந்தி, பம்பாயில் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் மமிபாய் என்ற பெண்ணுக்காகத் தன் முதல் வழக்கை எடுத்துக்கொள்கிறார். கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ஒரு கேள்வி கூட வரவில்லை. உட்கார்ந்துவிடுகிறார். வழக்கைக் கொண்டுவந்தவரிடம் பணத்தைத் திருப்பித் தருவதாகவும், பட்டேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளும்படியும் சொல்கிறார். பட்டேல் 51 ரூபாய்க்கு வருகிறார், அவருக்கு அது விளையாட்டு வேலை. கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்று கூடத் தெரிந்துகொள்ளாமல் காந்தி கோர்ட்டை விட்டு வெளியேறுகிறார். வெட்கப்பட்டேன் என்பதை அவர் நேராகச் சொல்கிறார், அந்த வாக்கியத்தில் எந்த விளையாட்டும் இல்லை. வழக்கு நடத்தும் தைரியம் வரும்வரை இனி வழக்கே எடுப்பதில்லை என்று முடிவு செய்ததையும் சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம்தான், இந்த முடிவில் பெருமைப்பட ஒன்றுமில்லை, தோற்பதற்கென்றே என்னிடம் வழக்கைக் கொடுக்க யார் வருவார்கள் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது.

நாம் சிரிக்கிறோம். ஆனால் வெட்கம் சொல்லி முடிந்த பிறகு, ஒரு முடிவும் எடுத்த பிறகு. அந்தச் சிரிப்பு விழுவது வெட்கத்தின்மேல் இல்லை. அந்த முடிவைத் தியாகமாகக் காட்டிக்கொள்ளும் ஆசை எங்கே எட்டிப்பார்க்குமோ, அதன்மேல் விழுகிறது. பின்னால் வரும் சிரிப்புக்கு இதுதான் ஏற்ற வேலை. வெட்கத்தைச் சொன்ன உடனேயே மனம் தன்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ளப் பார்க்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஆசிரியர்களைப் போய்ப் பார்க்கிறேன் என்று எழுதத் தோன்றும். அங்கே ஒரு நேர்மையான சிரிப்பு வந்தால் கட்டுரை திரும்பவும் தரைக்கு வரும். 30-க்கும் 51-க்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். காந்தி அந்த எண்களைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். விளக்கம் தந்திருந்தால் சிரிப்பும் போயிருக்கும், வெட்கமும் போயிருக்கும்.

காந்தி இதை எழுதியது 1920-களில். நிகழ்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. சாமிநாதையர் எழுதியபோது கும்பகோணத்துச் சந்திப்புக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. எல்லாருக்கும் அவ்வளவு காலம் வேண்டியதில்லை, ஆனால் ஏதோ ஓர் இடைவெளி வேண்டும். இந்த வகைக் கட்டுரையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அன்று மாலையோடு நின்றவர் ஒருவர், இன்று எழுதுபவர் ஒருவர். சாக்குகளைப் பார்த்துச் சிரிக்க முடிவது இன்று எழுதுபவரால்தான். அழுதவர் அன்றிருந்தவர். போன வாரம் நடந்ததை எழுதும்போது இந்த இரண்டு பேரும் ஒருவராகவே இருப்பார்கள், அப்போது ஜோக் ஒரு கவசமாக மட்டுமே வேலை செய்யும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நடுவில் வாதாடத் தோன்றினால் இன்னும் காலம் ஆகவில்லை. நடந்ததைத் தேதியோடும் விவரத்தோடும் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளலாம். மீசையும் லாரி செட்டும் பத்து வருஷம் கழித்து நினைவில் இருக்காது, அவை இல்லாமல் இந்தக் கட்டுரையில் சிரிப்பும் இருக்காது.

சில வெட்கங்களுக்கு எவ்வளவு காலம் போனாலும் சிரிப்பு பொருந்தாது. நம் செயலால் இன்னொருவர் பெரிதாக இழந்திருந்தால் அதில் சிரிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. சாதி சொல்லியோ நிறம் சொல்லியோ ஏழ்மையைச் சொல்லியோ ஒருவர் அவமானப்படுத்தப்பட்ட கதையில் சிரிப்பு வர வேண்டுமா என்பதைப் பட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும், பத்திரிகை ஆசிரியர் கேட்டு வாங்கக் கூடாது. இத்தகைய கட்டுரைகளைக் கொஞ்சம் லைட்டாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. அது நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்த பிறகு, சத்தமாக வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும். நம்மை நன்றாகத் தெரிந்தவரை விட, இந்தக் கதையை முன்பு கேட்டிராதவர் நல்லது. அவர் எங்கே சிரிக்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போகலாம். மீசைக்குச் சிரித்தால் சரி. ‘இளைத்துவிட்டார்’ என்ற இடத்தில் சிரிப்பு தொடங்கி அடங்கினால் சரி. முகம் தெரியவில்லை என்ற வரியிலும் சிரித்தால், அதற்கு முன்னால் ஒரு ஜோக் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது கடைசியாகச் சேர்த்த ஜோக்காக இருக்கும், அதை எடுத்துவிட்டு இன்னொருவரிடம் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் அவர் முதலில் என்ன சொல்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். “எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் கல்யாண மண்டபம் மாறிப்போச்சு” என்று சொன்னால் கட்டுரை இன்னும் வீடு மாறிய கதையாகவே இருக்கிறது. “அப்புறம் வாத்தியார் வீட்டுக்குப் போனாரா, அங்கே அந்த முகத்தைப் பார்த்தாரா?” என்று கேட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.